ஒன்று விட்டு ஒரு வரி

தமிழில் ஒரு வரி. அதற்குக் கீழே அதே சேதி ஆங்கிலத்தில் ஒரு வரி. மறுபடி தமிழ், மறுபடி ஆங்கிலம். இப்படி ஒன்று விட்டு ஒன்றாக வரும் உரை நம் ஊரில் எங்கும் கிடைக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பின் அறிவிப்புப் பலகை, கோயில் திருவிழா நிகழ்ச்சி நிரல், போட்டித் தேர்வு வினாத்தாள் எல்லாவற்றிலும் இதைப் பார்க்கலாம். படிக்கிறவருக்கு அதில் தொந்தரவு ஒன்றுமில்லை. தனக்கு வேண்டிய வரியில் கண்ணை வைத்து மற்றதைத் தாண்டிப் போய்விடுவார். ஆனால் அதையே நகலெடுத்து அனுப்பி, "இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இங்கிலீஷ், எதிரெதிரே வர்ற மாதிரி டேபிள் போட்டுக் கொடுங்க" என்று யாராவது கேட்டால் அங்கிருந்துதான் சுவாரஸ்யம் தொடங்குகிறது. பக்கம் கட்டுகிற வேலையில் இருப்பவர்கள் இதை எடுபிடி வேலை என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை.

முதலில் மிக எளிய வழியைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நயமும் அங்கேதான் அதிகம். லினக்ஸ், மேக் கணினிகளில் `paste` என்றொரு கட்டளை உண்டு. இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் ஒன்றின் வரிகளை மற்றொன்றின் வரிகளுக்குப் பக்கத்தில் ஒட்டிக் கொடுப்பது அதன் வேலை. கோப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறு கோடு போட்டால், உள்ளே வரும் உரையிலிருந்து எடுத்துக்கொள் என்று பொருள். நமக்கு வேண்டியது இவ்வளவுதான்:

```
paste - - < arivippu.txt > irupathi.tsv
```

இரண்டு கோடுகள் இருக்கின்றன, உள்ளே வரும் உரையோ ஒன்றுதான். ஒரே வரிசையில் நிற்கிறவர்களை இரண்டு டிக்கெட் கவுண்டர்கள் மாறி மாறிக் கூப்பிடுவதுபோல, முதல் கோடு ஒரு வரியை எடுக்கிறது. அடுத்த கோடு அதற்குப் பின்னால் நின்ற வரியை எடுக்கிறது. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்ததும் ஒரு வரிசை முடிந்தது. ஒற்றைப்படை, இரட்டைப்படை என்ற கணக்கை யாரும் போடவில்லை. தமிழ், ஆங்கிலம் என்ற பேச்சே எழவில்லை. "ஒன்று விட்டு ஒன்று" என்ற ஒழுங்கு தானாக வந்து விழுகிறது. இரண்டு கோப்புகளுக்காகச் செய்த கருவி, ஒரே கோப்பை இரண்டாகப் பாவித்துக்கொண்டு இந்த வேலையைச் செய்கிறது. இவ்வளவு சிக்கனமான கட்டளையைப் பார்க்கும்போது ஒரு நல்ல வெண்பாவின் ஈற்றடியைப் பார்த்த மகிழ்ச்சி.

இரண்டு வரிகளுக்கும் நடுவே அது வைப்பது `Tab` என்ற குறி. காற்புள்ளியை வைத்திருந்தால் உரைக்குள்ளேயே இருக்கும் காற்புள்ளிகளோடு குழம்பியிருக்கும். சாதாரண உரைநடைக்குள் டேப் வருவது அபூர்வம். அதனால் வெளிவரும் கோப்பை எக்செலில் ஒட்டினால் கேள்வி கேட்காமல் இரண்டு பத்தியாக விழும்.

கட்டளை எழுதிப் பழகாதவர்களுக்கு வேர்டிலேயே இதே வித்தை இருக்கிறது. உரை முழுவதையும் தேர்ந்தெடுத்து, `Insert` பட்டியில் `Table` என்பதன் கீழ் உள்ள `Convert Text to Table` என்பதைத் திறக்க வேண்டும். `Separate text at` என்ற இடத்தில் `Paragraphs`, `Number of columns` என்ற இடத்தில் 2. முதல் பாரா இடப்பக்கக் கட்டத்துக்கும், இரண்டாவது வலப்பக்கத்துக்கும், மூன்றாவது அடுத்த வரிசையின் இடப்பக்கத்துக்கும் போகும். எக்செல்காரர்கள் உரையை `A` பத்தியில் ஒட்டிவிட்டு, பக்கத்தில் `=WRAPROWS(A1:A10,2)` என்று எழுதினால் போதும், புதிய பதிப்பாக இருந்தால். மூன்று வழியும் ஒன்றேதான். மூன்றும் நம்புவது ஒரே ஒரு சேதியை: வரி எத்தனையாவது இடத்தில் நிற்கிறது என்பதை.

அந்த நம்பிக்கை எப்போது கெடுகிறது என்பதைக் காட்ட ஒரு குடியிருப்பின் தண்ணீர் அறிவிப்பைக் கற்பனையாக எழுதிப் பார்க்கிறேன். கோடைக்காலத்தில் எந்த ஊரிலும் ஒட்டியிருக்கக் கூடியது. தொலைபேசியிலிருந்து நகலெடுத்து ஒட்டியபோது பத்து வரிகளாக வந்தது என்று வைத்துக்கொள்வோம்.

```
25.05.2024
தண்ணீர் லாரி நாளை காலை 6 மணிக்கு வரும்.
The water lorry will come at 6 a.m. tomorrow.
ஒரு வீட்டுக்கு 10 குடம் மட்டும்.
Only 10 pots per house.
மேல்தொட்டி காலியாகிவிட்டதால் மோட்டார் போட வேண்டாம்;
குழாயையும் திறந்து வைக்க வேண்டாம்.
The overhead tank is empty, so please do not run the motor or leave taps open.
லாரிக்காரருக்கு யாரும் தனியாகப் பணம் தர வேண்டாம்.
Please do not pay the lorry driver separately.
```

பத்து வரி, இரட்டைப்படை. ஐந்து வரிசை வர வேண்டும். `paste` ஐந்து வரிசைதான் தருகிறது. கடைசி வரிசையைப் பார்த்தால் லாரிக்காரர் பணம் இடப்பக்கம், அதன் ஆங்கிலம் வலப்பக்கம், பிசகே இல்லை. எண்ணிக்கையும் சரி, முடிவும் சரி என்று கோப்பை மூடிவிடத் தோன்றும். நடுவில் நடந்திருப்பது இது:

```
25.05.2024                      | தண்ணீர் லாரி நாளை காலை 6 மணிக்கு...
The water lorry will come at 6  | ஒரு வீட்டுக்கு 10 குடம் மட்டும்.
Only 10 pots per house.         | மேல்தொட்டி காலியாகிவிட்டதால்...
குழாயையும் திறந்து வைக்க...         | The overhead tank is empty, so...
லாரிக்காரருக்கு யாரும்...           | Please do not pay the lorry driver...
```

தேதி இரண்டு மொழிக்கும் பொது. அது தமிழ் வரியின் நாற்காலியில் உட்கார்ந்ததும் அதற்குக் கீழே இருந்த எல்லாம் ஒரு இடம் தள்ளிப்போயின. ஆறாவது வரியான மேல்தொட்டி வாக்கியம் நீளமாக இருந்ததால் இரண்டாக உடைந்து வந்திருக்கிறது. அந்த உடைசல் இன்னொரு இடத்தைத் தள்ளியது. ஒரு தள்ளலோடு இன்னொரு தள்ளல் சேர்ந்ததும் மீதி வரிகள் சரியான ஜோடிக்குத் திரும்பிவிட்டன. ஒரு பிழை இன்னொரு பிழையை மூடி மறைத்தது மட்டுமில்லை, நாம் வழக்கமாகச் சோதிக்கும் இரண்டு இடங்களையும், மொத்த எண்ணிக்கையையும் கடைசி வரியையும், துடைத்துச் சுத்தமாக வைத்துவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்ய வேண்டுமென்றால்கூட இவ்வளவு நேர்த்தி வராது.

இரண்டாவது வரிசையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். லாரி வரும் நேரத்துக்கு எதிரே ஒரு வீட்டுக்கு எத்தனை குடம் என்ற கணக்கு இருக்கிறது. இரண்டும் தண்ணீர் சம்பந்தப்பட்டவை, இரண்டிலும் ஓர் எண் இருக்கிறது, நீளமும் ஏறக்குறைய ஒன்று. மேலோட்டமாகப் பார்க்கிறவர் கடந்துபோய்விடுவார். காட்டிக்கொடுப்பது அந்த எண்தான். இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 10. அறிவிப்பு, சட்டம், வினாத்தாள், கணக்கு அறிக்கை எதுவானாலும் இப்படி எதிரெதிர்க் கட்டங்களில் உள்ள எண்களை மட்டும் மேலிருந்து கீழாக ஒருமுறை ஓட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். வாக்கியத்தைப் படிக்கவே வேண்டாம். எண்ணுக்கு எண் நிற்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். தமிழில் "பத்து" என்று எழுத்தால் எழுதி ஆங்கிலத்தில் 10 என்று போட்டிருப்பார்கள், ஒரு பக்கம் "1 லட்சம்", மறுபக்கம் 1,00,000 என்றிருக்கும். ஆகவே எண் வேறுபட்டால் தவறு என்று முடிவுகட்டக் கூடாது, அங்கே ஒரு கணம் நிற்க வேண்டும் என்பது மட்டுமே அதன் சேதி.

இன்னொரு தடயம் இடவலம். மேலே உள்ள அட்டவணையில் இரண்டாம், மூன்றாம் வரிசைகளில் ஆங்கிலம் இடப்பக்கம் வந்திருக்கிறது. நான்காவதில் திடீரென்று பக்கம் மாறுகிறது. தமிழ் எழுத்தின் உருண்டையும் ஆங்கில எழுத்தின் நிமிர்வும் கண்ணுக்கு உடனே வேறுபடுவதால், எழுத்துகளைப் படிக்காமல் பக்கத்தைச் சற்றுத் தள்ளி வைத்துப் பார்த்தாலே இந்த மாற்றம் தெரியும். ஆங்கிலத்தையும் பிரெஞ்சையும் எதிரெதிரே வைப்பவர்களுக்கு இந்தச் சலுகை கிடையாது. இரண்டும் ஒரே எழுத்து. நமக்கோ வரி எங்கே நிற்கிறது என்ற சாட்சியோடு, வரி எந்த எழுத்தில் இருக்கிறது என்ற இன்னொரு சாட்சியும் இலவசமாகக் கிடைக்கிறது.

கணினிக்கும் இந்தச் சாட்சி எளிதாகப் புரியும். யூனிகோடில் தமிழுக்கென்று `0B80` முதல் `0BFF` வரை தனி மனைப்பிரிவு ஒதுக்கியிருக்கிறார்கள். வேறு எந்த மொழியின் எழுத்தும் அதற்குள் குடியில்லை. ஒரு வரியில் இந்தப் பிரிவைச் சேர்ந்தவை எத்தனை, ஆங்கில எழுத்துகள் எத்தனை என்று எண்ணினால் வரி யாருடையது என்று தெரிந்துவிடும். பைத்தானில் இப்படி:

```python
import re

def mozhi(vari):
    ta = len(re.findall(r"[\u0B80-\u0BFF]", vari))
    en = len(re.findall(r"[A-Za-z]", vari))
    if ta == en == 0:
        return None
    return "ta" if ta > en else "en"
```

ஒரு தமிழ் எழுத்து இருந்தாலே தமிழ் வரி என்று வைத்துக்கொள்ளலாமே, எதற்கு இரண்டையும் எண்ண வேண்டும் என்று கேட்கலாம். பெரும்பாலும் அது போதும். தமிழ் வரிக்குள் GST, PAN card என்று ஆங்கில எழுத்துகள் புகுவது அன்றாடம். ஆங்கில வரிக்குள் தமிழ் எழுத்து புகுவது அபூர்வம். ஆனால் ஆங்கில வாக்கியத்தில் ஒரு சொல்லை மட்டும் தமிழிலேயே எழுதிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அதற்காகத்தான் எண்ணிக்கை. இந்த எண்ணிக்கையில் தமிழுக்குக் கொஞ்சம் சாதகம் இருப்பதையும் கவனிக்க வேண்டும். "குடம்" என்பது நமக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது ஐந்து: க, அதன் உகரக் குறி, ட, ம, மேலே வைத்த புள்ளி. கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனி ஆளாக எண்ணப்படுவதால், ஆங்கிலச் சொற்கள் ஒன்றிரண்டு கலந்த தமிழ் வரி தமிழாகவே தேறிவிடுகிறது. நமக்கு வேண்டிய பக்கம் சாய்கிற தராசு. அதைத் திருத்த நான் மெனக்கெடுவதில்லை.

அந்த நிரலில் எனக்குப் பிடித்த வரி `None`. தமிழும் இல்லை, ஆங்கிலமும் இல்லை என்று ஒப்புக்கொள்கிற இடம். நம் அறிவிப்பின் தேதி அங்கே போய் நிற்கிறது. எண் மட்டும் உள்ள வரி, வெறும் கோடு, மூன்று நட்சத்திரக் குறி, எல்லாம் இந்த வகை. இவற்றை ஏதோ ஒரு மொழியில் வலுக்கட்டாயமாகச் சேர்த்தால்தான் கீழே உள்ள எல்லாம் நகர்கிறது. பொதுவானதைப் பொதுவாகவே விட்டு, அந்த வரிசையின் இரண்டு கட்டங்களையும் `Merge Cells` கொடுத்து ஒன்றாக்கி, நடுவில் வைத்துவிட்டால் பார்க்கவும் நன்றாக இருக்கும். சிலர் தேதியை இரண்டு பக்கமும் திரும்ப எழுதுவார்கள். எனக்கு அது ஒரே ஆளுக்கு இரண்டு இலை போட்ட மாதிரி படுகிறது. அரசாணை போன்றவற்றில் மட்டும் இரண்டு பத்தியும் தனித்தனியே முழுமையாக நிற்க வேண்டியிருப்பதால் அங்கே சரி.

அடுத்து, ஒரு தமிழ் வரிக்குப் பின் ஆங்கிலம் வராமல் இன்னொரு தமிழ் வரியே வந்தால் என்ன செய்வது? இங்கேதான் இந்த வேலையின் நுட்பம் முழுதும் இருக்கிறது. இரண்டு சாத்தியம். ஒன்று, நீளமான வாக்கியம் மடிந்து இரண்டாவது வரியாக வந்திருக்கலாம். இரண்டு, முதல் தமிழ் வரிக்கு ஆங்கிலம் எழுதாமலேயே விட்டிருக்கலாம். மடிந்த வரி என்றால் மேல் வரியோடு சேர்த்து ஒரே கட்டத்தில் வைக்க வேண்டும். விடுபட்டது என்றால் புது வரிசை தொடங்க வேண்டும். மொழியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. இரண்டு வரியும் தமிழ்தான். வரியின் கடைசிக் குறியைப் பார்க்க வேண்டும். நம் அறிவிப்பில் "மோட்டார் போட வேண்டாம்" என்பதன் பின்னால் இருப்பது அரைப்புள்ளி. பேச்சு இன்னும் முடியவில்லை, மூச்சு வாங்கியிருக்கிறார், அவ்வளவுதான். ஆகவே "குழாயையும்" என்று தொடங்கும் வரியை மேலே சேர்த்துக்கொள்ளலாம். அந்த "யும்" என்ற ஒட்டும் அதையேதான் சொல்கிறது. முன்னால் ஒன்று சொல்லப்பட்டிருந்தால்தான் "இதையும்" என்று வரும். நிரலுக்கு உம்மையைப் பார்க்கத் தெரியாது, அரைப்புள்ளியைப் பார்க்கத் தெரியும். எழுதியவர் முற்றுப்புள்ளியை ஒழுங்காக வைக்கிறவராக இருந்தால் அதுவே போதும்.

வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள் புள்ளியே வைப்பதில்லை என்பது வேறு விஷயம். கவிதையிலும் அப்படித்தான். அப்போது இரண்டு ஜோடிக்கு நடுவே காலி வரி விட்டிருக்கிறார்களா என்று தேடலாம். காலி வரி விட்டிருந்தால் அதைப் போல நல்ல எல்லைக்கல் கிடையாது. அதே காலி வரி, முதலில் சொன்ன `paste - -` கட்டளைக்கு எமன். தமிழ், ஆங்கிலம், காலி என்று மூன்று மூன்றாக வரும் உரையை அது இரண்டிரண்டாக வெட்டும். இரண்டாவது வரிசையில் இடப்பக்கம் காலியாகவும் வலப்பக்கம் தமிழாகவும் நிற்கும். மூன்றாவதில் ஆங்கிலம் இடப்பக்கம் ஏறியிருக்கும். தீர்வும் அதன் கையிலேயே இருக்கிறது. இன்னொரு கோடு சேர்த்து `paste - - -` என்றால் காலி வரிகள் எல்லாம் மூன்றாவது பத்தியில் போய்ச் சேரும். அந்தப் பத்தி முழுக்கக் காலியாக இருந்தால் உரை ஒழுங்காக இருக்கிறது என்று பொருள். அதில் முதன்முதலாக எங்கே ஒரு எழுத்து தெரிகிறதோ, சரியாக அந்த இடத்தில்தான் ஒழுங்கு பிசகியிருக்கிறது. தூக்கியெறியப் போகிற பத்தியே சோதனைத்தாளாகவும் உதவுகிறது. எத்தனை முறை பார்த்தாலும் இது அலுப்பதில்லை.

விடுபட்ட வரிக்கு வருவோம். அறிவிப்பில் "உப்புத் தண்ணீர் வழக்கம்போல் வரும்." என்று தமிழில் மட்டும் ஒரு வரி இருந்து, அதற்கு ஆங்கிலம் இல்லை என்று வைத்துக்கொள்வோம். முற்றுப்புள்ளி இருக்கிறது, அடுத்ததும் தமிழ். எனவே வலப்பக்கக் கட்டம் காலியாக நிற்க வேண்டும். அந்தக் காலிக் கட்டத்தைப் பார்த்ததும் பலருக்குக் கை துறுதுறுக்கும். கீழே இருக்கும் ஆங்கில வரியை ஒரு படி மேலே இழுத்து அடைத்துவிடுவார்கள். அட்டவணை பார்க்க நிறைவாக ஆகிவிடும், அதற்குக் கீழே ஒரு ஜோடிகூடச் சரியாக இராது. காலிக் கட்டம் என்பது அட்டவணை சொல்லும் சேதிகளில் ஒன்று: இந்த வரியை ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் படிக்கவில்லை. உப்புத் தண்ணீர் வரும் என்பது அந்த வீட்டுக்காரர்களுக்குத் தெரியவே தெரியாது. ஒன்று விட்டு ஒன்றாக இருந்த பழைய வடிவில் இந்தக் குறை கண்ணில் படாது. எதிரெதிரே வைத்த பிறகுதான் படுகிறது. அதைக் காட்டுவதற்காகவே எதிரெதிரே வைக்கலாம் என்பது என் கட்சி. அச்சுக்குப் போகும்போது காலிக் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிடுவது நல்லது. இல்லையென்றால் அச்சில் விட்டுப்போனது என்று நினைப்பார்கள்.

மொழிச் சாட்சிக்கும் பிடிபடாத ஒரு பிழை உண்டு. ஒரு தமிழ் வரிக்கு ஆங்கிலம் விடுபட்டு, அதை அடுத்த ஜோடியில் தமிழ் விடுபட்டால், தமிழுக்குப் பின் ஆங்கிலம் என்ற முறை கெடவே இல்லை. முதல் சேதியின் தமிழும் அடுத்த சேதியின் ஆங்கிலமும் தம்பதி சமேதராக ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும். எண்ணும் இல்லாத வரிகளாக இருந்தால் நீளம் ஒன்றுதான் மிச்சமுள்ள தடயம். நீளமான வாக்கியத்துக்கு நீளமான மொழிபெயர்ப்பு, குட்டிக்குக் குட்டி. கேட்கச் சாதாரணமாக இருக்கும் இந்தக் கணக்கை மட்டும் வைத்தே அமெரிக்காவின் ஏ.டி.&டி. பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த வில்லியம் கேலும் கென்னத் சர்ச்சும் 1993-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஒரு சுவிஸ் வங்கி ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன் மூன்றிலும் வெளியிட்ட பொருளாதார அறிக்கைகளை எடுத்துக்கொண்டு, ஒரு சொல்லின் பொருளைக்கூடக் கணினிக்குச் சொல்லித்தராமல், எழுத்து எண்ணிக்கையை வைத்தே வாக்கியங்களை ஜோடி சேர்த்தார்கள். ஒன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு இரண்டு, இரண்டுக்கு ஒன்று, இரண்டுக்கு இரண்டு, ஒன்றுக்கு ஒன்றுமில்லை என்று அவர்கள் பிரித்த வகைகளில் நம் தண்ணீர் அறிவிப்பு முழுவதும் அடங்கிவிடும். மேல்தொட்டி வாக்கியம் இரண்டுக்கு ஒன்று. உப்புத் தண்ணீர் ஒன்றுக்கு ஒன்றுமில்லை.

தமிழில் நீளத்தை அளக்கும்போது எதை எண்ணுகிறோம் என்று தெரிந்திருக்க வேண்டும். "குடம்" மூன்று எழுத்து, ஐந்து குறி என்று பார்த்தோம். கோப்பில் யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் எடுத்துக்கொள்ளும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்தான். ஆக, குடம் பதினைந்து பைட். பைட்டை எண்ணுகிற பழைய கருவிகளில் எல்லாத் தமிழ் வரியும் பூதாகாரமாகத் தெரியும். எல்லா வரியும் சீராகப் பெரிதாவதால் விகிதம் கெடுவதில்லை என்று சமாதானம் சொல்லலாம். ஆனால் எண்ணும் ஆங்கில எழுத்தும் கலந்த தமிழ் வரி மட்டும் திடீரென்று இளைத்துத் தெரியும், தடயம் பொய்யாகும்.

இன்னொரு ஆபத்தைச் சொல்லியே ஆக வேண்டும், அதில் ஒரு வேடிக்கையும் இருப்பதால். விண்டோஸில் சேமித்த கோப்புகளில் ஒவ்வொரு வரி முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி கூடுதலாக இருக்கும். தட்டச்சு இயந்திரத்தின் உருளையை வரித் தொடக்கத்துக்குத் தள்ளிவிடுகிற அந்தப் பழைய அசைவுதான் அது. இப்படிப்பட்ட கோப்பில் `paste - -` ஓட்டித் திரையில் பார்த்தால், தமிழ் வரி எழுதி முடித்ததும் முனை மறுபடி வரித் தொடக்கத்துக்கே போய், டேப் அளவுக்கு எட்டு இடம் நகர்ந்து, ஆங்கிலத்தைத் தமிழின் மேலேயே எழுதிவிடும். தமிழ் வரியின் தலை மட்டும் இடது ஓரத்தில் எட்டிப் பார்க்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம், உள்ளே எல்லாம் பத்திரமாக இருக்கிறது. முதலில் `tr -d '\r'` கொண்டு அந்தக் குறிகளைத் துடைத்துவிட்டுப் பிறகு ஜோடி சேர்த்தால் போதும்.

பழைய எழுத்துருவில் உள்ள உரை என்றால் கதையே வேறு. பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்தவை பார்வைக்குத் தமிழ், உள்ளே ஆங்கில எழுத்துகள். "தமிழ்" என்று தெரிவது அடியில் `jkpo;` என்று இருக்கும். மேலே தந்த நிரல் அதைப் பார்த்துவிட்டு எல்லா வரியும் ஆங்கிலம் என்று சத்தியம் செய்யும். இடப்பக்கப் பத்தி முழுவதும் காலியாகக் கிடந்தால் சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். முதலில் யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், ஆனால் முழு உரையையும் ஒரே வீச்சில் மாற்றியில் போட்டால் உண்மையான ஆங்கில வரிகளும் தமிழ் எழுத்துக் குப்பையாகிவிடும். இங்கே மட்டும் முறையைத் தலைகீழாக்கிக்கொள்ள வேண்டும். எழுத்துச் சாட்சி பொய்யாகிப்போனதால் இடச் சாட்சியை நம்பி `paste - -` மூலம் முதலில் இரண்டு பத்தியாகப் பிரித்து, எண்களைச் சரிபார்த்து, பிறகு இடப்பக்கப் பத்தியை மட்டும் மாற்றியில் கொடுக்க வேண்டும்.

குறள் போன்ற ஈரடிப் பாடலும் ஆங்கில உரைநடையும் மாறி மாறி வரும்போது இன்னொரு நயம். இரண்டு தமிழ் வரிக்கு ஓர் ஆங்கில வரி. ஈரடியையும் சேர்த்து ஒரே வரியாக்கினால் ஜோடி சரியாகும், ஆனால் நாலு சீர், மூன்று சீர் என்ற அந்த நடை போய்விடும். வேர்டில் இதற்கு `Shift+Enter` இருக்கிறது. முதலடியின் முடிவில் சாதாரண `Enter`-க்குப் பதில் இதைக் கொடுத்தால் வரி உடையும், பாரா உடையாது. அட்டவணையாக்கும்போது வேர்டு எண்ணுவது பாராக்களை மட்டும்தான்; ஆகவே ஈரடியும் ஈரடியாகவே ஒரே கட்டத்துக்குள் போய் உட்காரும். இதே குறி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும் என்பதை மறக்கக் கூடாது. இணையப் பக்கத்திலிருந்து ஒட்டும் உரையில் எல்லா வரி முடிவும் இந்த மென்முறிவாகவே வந்துவிடுவது உண்டு. அப்போது அட்டவணையாக்கினால் அறிவிப்பு முழுவதும் முதல் கட்டத்திலேயே திணிந்துகொள்ளும். `Find and Replace` திறந்து `^l` என்பதை `^p` ஆக்கினால் பாராக்கள் கிடைக்கும்.

ஜோடி சேர்ந்த பிறகு பக்கத்தில் வைப்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. இரண்டு பத்தியையும் சரிபாதி அகலத்தில் வைக்க மாட்டேன். தமிழ்ச் சொற்கள் நீளம், குறுகிய பத்தியில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்லுக்கு மேல் நிற்காது, ஆகவே தமிழுக்குக் கொஞ்சம் கூடுதல் இடம். இரண்டு ஓரமும் நேராக நிற்கும்படி நிரவுவதும் வேண்டாம், சொற்களுக்கு நடுவே ஓட்டை ஓட்டையாக விழும். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். கட்டத்துக்குள் எழுத்து மேல்விளிம்பிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் வைத்தால் மூன்று வரித் தமிழுக்கு எதிரே ஒற்றை வரி ஆங்கிலம் அந்தரத்தில் தொங்கும். தமிழில் மேலே சுழியும் கீழே காலும் போவதால் வரி உயரம் தானாகவே கூடும், ஆங்கிலத்துக்குக் கூடாது. இரண்டுக்கும் `Line spacing` என்ற இடத்தில் `Exactly` கொடுத்து ஒரே அளவு வைத்தால் முதல் வரிகள் இரண்டும் ஒரே மட்டத்தில் நிற்கும். கடைசியாக, அட்டவணையின் `Row` அமைப்பில் `Allow row to break across pages` என்பதன் குறியை எடுத்துவிட வேண்டும், மேல்தொட்டி ஒரு பக்கத்திலும் குழாய் மறுபக்கத்திலும் போகாதிருக்க.